சாம்பலில் பிறந்த சன்னல்

சார்த்ர் தேவாலயத்தின் நீல நிறச் சன்னலைப் பார்ப்பவர்கள் அதைப் படம் வரைந்த கண்ணாடி என்றே நினைப்பார்கள். உண்மையில் அதன் நீலமும் சிவப்பும் தீட்டியவை அல்ல, கண்ணாடி உருகும்போதே அதற்குள் கலந்த நிறங்கள். தூரிகையால் தீட்டியது கறுப்பும் பழுப்பும் மட்டும்தான். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தியோஃபிலஸ் என்ற புனைபெயரில் எழுதிய ஜெர்மானியத் துறவி ஒருவர் இந்தத் தொழில் முழுவதையும் லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார். கைப்பக்குவம் தெரிந்தவரின் எழுத்து அது.

அவர் சொல்லும் கலவை எளிமையானது. இரண்டு பங்கு பீச் மரச் சாம்பல், ஒரு பங்கு சுத்தமான மணல். மணல் மட்டும் உருக வேண்டுமானால் அந்தக் காலத்து விறகு உலையின் சூடு போதாது. சாம்பலிலுள்ள பொட்டாசியம்தான் உருகுநிலையைக் கீழே இறக்குகிறது. அதே சாம்பலில் மாங்கனீசும் உண்டு, மணலிலும் சாம்பலிலும் இரும்பும் உண்டு. அதனால் தனியாகச் சாயம் சேர்க்காமலே நிறம் வரும். பானையில் இருக்கும் குழம்பு குங்குமப்பூ மஞ்சளாகத் திரும்பலாம், உடலின் நிறத்துக்குப் போகலாம், மேலும் சில மணி நேரம் விட்டால் ஊதாவாகலாம். காற்று தாராளமாகப் புகும் தீயில் ஒரு நிறம், புகை மண்டிய தீயில் வேறு நிறம். இன்ன நிறம் வேண்டும் என்று பானையை ஏற்றுவதைவிட, வந்த நிறத்தைப் பார்த்து இறக்குவதே நடைமுறையாக இருந்திருக்கிறது. நீலத்துக்கு மட்டும் கோபால்ட் தேவை. பழைய நீலக் கண்ணாடிப் பாத்திரங்களையும் மொசைக் துண்டுகளையும் உருக்கிச் சேர்த்தார்கள் என்கிறார் தியோஃபிலஸ்.

சிவப்புதான் பெரிய தலைவலி. செம்பு தரும் சிவப்பு மிக அடர்த்தியானது. சன்னல் கண்ணாடியின் கனத்துக்கு முழுவதும் சிவப்பாக ஊதினால் அது கறுப்பாகவே தெரியும், வெளிச்சம் புகாது. எனவே நிறமில்லாத கண்ணாடியின் மேல் சிவப்பு மெல்லிய படலமாகப் படியும்படி செய்தார்கள்.

ஊதுகுழலின் முனையில் குழம்பை எடுத்து நீளமாக ஊதி, இரு முனைகளையும் திறந்து குழாயாக்குவார்கள். ஆறிய குழாயை நெடுக்காகப் பிளந்து மறுபடி சூடாக்கினால் இளகித் தட்டையாக விரியும். அந்தத் தகட்டில் குமிழியும் மேடுபள்ளமும் தங்கிவிடும். வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறுவதால்தான் பழைய சன்னல்களின் நிறம் அசைவது போலத் தெரிகிறது. இன்றைய ஆலைக் கண்ணாடியில் அது இல்லை.

படத்தை வரைந்தது காகிதத்தில் அல்ல, சுண்ணாம்பு பூசிய பெரிய பலகையில். எந்தத் துண்டுக்கு எந்த நிறம் என்று அதிலேயே எழுத்தால் குறித்துவிடுவார்கள். ஸ்பெயினின் ஜிரோனாவில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்படிப்பட்ட பலகைகள் இன்னும் இருக்கின்றன. கண்ணாடியைப் பலகை மேல் வைத்து, கோட்டைப் பார்த்து வெட்டுவார்கள். வைர முனை அப்போது இல்லை. நுனி பழுக்கக் காய்ந்த இரும்பைக் கண்ணாடியில் வைத்தால் விரிசல் விடும். விடாவிட்டால் எச்சிலைத் தொட்டு வைத்தால் போதும். இரும்பு நகரும் வழியே விரிசலும் ஓடும். ஆனால் அது சொன்னபடி ஓடாது. அதனால் ஓரங்களைப் பள்ளம் வெட்டிய இரும்புக் கருவியால் சிறுகச் சிறுகக் கொறித்துச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

முகம், துணி மடிப்பு, எழுத்து ஆகியவற்றுக்குப் பொடித்த செம்புத் துகளும் கண்ணாடித் தூளும் திராட்சை மதுவிலோ சிறுநீரிலோ அரைத்த மை. தீட்டிய துண்டுகளைச் சிறு சூளையில் அடுக்கிச் சுட்டால் மையிலுள்ள கண்ணாடித் தூள் உருகிப் பிடித்துக்கொள்ளும். வெந்ததா என்று பார்க்க தியோஃபிலஸ் சொல்லும் சோதனை நகத்தால் சுரண்டுவது. மை வந்தால் மறுபடி சூளைக்கு. சூடு மிஞ்சினாலோ துண்டு இளகி வளைந்துவிடும், கோடும் மங்கிவிடும்.

கடைசியில் ஈயம். அச்சில் வார்த்த ஈயப் பட்டையின் இரு பக்கமும் பள்ளம் இருக்கும், குறுக்கே வெட்டிப் பார்த்தால் படுத்த எச் எழுத்துப் போலத் தெரியும். பள்ளத்தில் ஒரு துண்டைச் செருகி, ஈயத்தை அதன் விளிம்போடு வளைத்து, நழுவாமல் ஆணி அடித்து, பிறகு அடுத்த துண்டு. பட்டைகள் சந்திக்கும் இடங்களில் மட்டும் வெள்ளீயம் கலந்த பற்றாசு. ஈயத்தைவிடக் குறைந்த சூட்டில் அது உருக வேண்டும், இல்லையென்றால் பட்டையே ஒழுகிவிடும். ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பி மறுபக்கமும் பற்றவைப்பார்கள். இந்தக் கறுப்புக் கோடுகளை ஓவியர் முன்கூட்டியே யோசித்து, கழுத்து, கை, ஆடை விளிம்பு என்று உருவத்தின் எல்லையிலேயே ஓடவிட்டிருப்பார். நல்ல சன்னலையும் சுமாரான சன்னலையும் பிரித்துக் காட்டுவது இதுதான் என்பேன்.

ஈயம் மென்மையானது. காற்றழுத்தத்தில் பெரிய சன்னல் தொய்ந்துவிடும் என்பதால் சிறு சிறு பகுதிகளாகச் செய்து இரும்புச் சட்டங்களில் பொருத்தினார்கள். அப்படியும் ஈயம் தளரும், அதைப் பிரித்துப் புதிய பட்டை போட முடியும். கண்ணாடிக்கு அந்த வசதி இல்லை. உருகுநிலையைக் குறைத்த பொட்டாசியத்தை மழைநீரும் ஈரமும் மெல்ல அரித்தெடுக்கின்றன. மேற்பரப்பில் குழிகள் விழுகின்றன, வெளிப்புறத்தில் வெண்படிவம் படர்கிறது. சோடியத்தால் செய்த பழைய கண்ணாடி இதைவிட நன்றாகத் தாங்குகிறது. சார்த்ரின் 12ஆம் நூற்றாண்டு நீலம் இவ்வளவு தெளிவாக நிற்பதற்கு அத்தகைய சோடியக் கண்ணாடி ஒரு காரணம்.