ஐந்தெழுத்தும் ஒரு சிட்டிகை நீறும்

சைவக் குடும்பங்களின் பூசையறையில் சாமி படத்துக்கு மேலே ஒரு வாசகம் எழுதியிருக்கும். ஒரு வீட்டில் அது 'நமசிவாய' என்றிருக்கும். பக்கத்து வீட்டில் 'சிவாயநம' என்றிருக்கும். இரண்டிலும் அதே ஐந்து எழுத்துதான்; முன்னுக்குப் பின் மாறியிருக்கிறது, அவ்வளவே. எழுதியவர் தவறிவிட்டாரோ என்று சிலர் நினைப்பதுண்டு. தவறில்லை. இந்த வரிசை மாற்றத்தில்தான் மந்திரத்தின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

மந்திரத்தின் வேர் யசுர் வேதத்தில் உள்ள ஸ்ரீருத்திரத்தில் இருக்கிறது. தைத்திரீய சங்கிதைக்கு ஏழு காண்டங்கள். அவற்றில் நடுவில் நிற்கும் நான்காம் காண்டத்தில் ருத்திரம் வருகிறது. அதன் 11 அனுவாகங்களில் எட்டாவதில், உருத்திரனுக்கு அடுக்கடுக்காகச் சொல்லப்படும் வணக்கங்களுக்கு நடுவே, 'மங்கலமானவனுக்கு வணக்கம்' என்ற பொருளில் இந்தத் தொடர் வருகிறது. அங்கே அது நீண்ட துதியில் ஒரு துளி. அந்தத் துளியைத் தனியே எடுத்து, எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பொருள் கண்டவர்கள் சைவ சித்தாந்திகள்.

14ஆம் நூற்றாண்டில் தில்லையில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் எழுதிய திருவருட்பயன் நூறே குறள்கள் கொண்ட சிறிய நூல். அதன் ஒன்பதாம் அதிகாரம் முழுவதும் ஐந்தெழுத்துக்குத்தான். அதில் சொல்லப்படும் பொருள் இது: சி என்பது சிவம். வா என்பது அவன் அருள். ய என்பது உயிர், அதாவது நாம். ந என்பது திரோதம் எனப்படும் மறைப்பு ஆற்றல். ம என்பது மலம், உயிரை ஒட்டியிருக்கும் அழுக்கு.

இப்போது சிவாயநம என்று எழுதிப் பாருங்கள். ஐந்து எழுத்தில் நட்ட நடுவில் நிற்பது ய, உயிர். அதற்கு ஒரு பக்கம் சிவமும் அருளும். மறுபக்கம் மறைப்பும் மலமும். உயிர் எந்தப் பக்கம் முகம் திருப்புகிறது என்பதுதான் கேள்வி. சித்தாந்தம் பக்கம் பக்கமாக விளக்குகிற மனித நிலை, எழுத்து வரிசையிலேயே படமாக நிற்கிறது.

இதில் பலரும் இடறுவது திரோதத்தில். மறைப்பு என்றால் கெட்டது என்று தோன்றும். ஆனால் சித்தாந்தப்படி மறைப்பதும் இறைவனுடைய ஆற்றலே. உயிர் தன் வினைப் பயனை அனுபவித்துப் பக்குவப்படும் வரை, இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு உலகத்தை மட்டும் காட்டுகிறான். பக்குவம் வந்தபின் அதே ஆற்றல்தான் அருளாக வெளிப்படுகிறது. ஆகவே ந என்ற எழுத்து பகை அல்ல. இன்னும் முகம் காட்டாத அருள்.

நமசிவாய என்னும்போது மறைப்பும் மலமும் முன்னே வந்துவிடுகின்றன. உயிர் கடைசிக்குப் போய்விடுகிறது. உலக வாழ்வில் நாம் இருக்கும் நிலை அது. அதனால் இதைத் தூல ஐந்தெழுத்து என்றும், சிவாயநம என்பதைச் சூக்கும ஐந்தெழுத்து என்றும் சொல்வார்கள். வீடுபேற்றை நாடுவோர் சி முதலாக ஓத வேண்டும் என்பது உமாபதியாரின் கட்சி.

நூல் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் நடராசர் சிலை முன் நின்றாலே போதும். மெய்கண்டாரின் மாணவரான திருவதிகை மனவாசகம் கடந்தார், உண்மை விளக்கம் என்ற வினா விடை நூலில் இதற்கு வழி காட்டியிருக்கிறார். உடுக்கை பிடித்த கை சி. குறுக்கே வீசிய இடக்கை வா. அஞ்சாதே என்று காட்டும் வலக்கை ய. தீ ஏந்திய கை ந. முயலகன்மேல் அழுந்த ஊன்றிய கால் ம. அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது குழந்தைக்குச் சுட்டிக்காட்டிச் சொல்லலாம். ஒரே தடவையில் மனத்தில் பதிந்துவிடும்.

இதையெல்லாம் வைத்து நமசிவாய ஒரு படி குறைவு என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது அவர் பாடியது நமச்சிவாயப் பதிகம். அந்தக் கல்லே தெப்பமாகி, இன்றைய கடலூரான திருப்பாதிரிப்புலியூரில் அவர் கரையேறினார் என்கிறது பெரியபுராணம். சம்பந்தர் தம் திருமணத்தன்று, சோதியில் கலக்கும் முன் பாடியதும் நமச்சிவாயப் பதிகமே. மாணிக்கவாசகரின் சிவபுராணம் தொடங்குவதும் அந்த வடிவில்தான். எழுத்து வரிசையை ஆராய்ந்தவர்கள் சாத்திரக்காரர்கள். ஆபத்தில் வாய்க்கு வந்ததைப் பற்றிக்கொண்டவர்கள் அடியார்கள். வீட்டுக்கு இரண்டும் வேண்டியவைதான்.

அப்பர் வரலாற்றிலேயே இன்னொரு காட்சி உண்டு. நீறும் ஐந்தெழுத்தும் வீட்டில் எப்படி இணைகின்றன என்பதற்கு அதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. சமண மடத்தில் தருமசேனராக இருந்த அவருக்குச் சூலை நோய் கண்டது. மருந்தும் மந்திரமும் பலிக்காமல், இரவோடு இரவாகத் திருவதிகைக்குத் தமக்கை திலகவதியாரைத் தேடி வந்தார். தமக்கை விபூதியை எடுத்து, ஐந்தெழுத்தை ஓதித் தம்பி கையில் கொடுத்தார். அதைப் பூசிக்கொண்ட பிறகே வீரட்டானேசுவரர் கோயிலுக்குள் போனார் அவர். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பாட்டி நீற்றை விரலில் தொட்டு, வாய்க்குள் முணுமுணுத்தபடி நெற்றியில் இடுகிறாளே, அதே வழக்கம்தான்.

அந்த நீறு எப்படி உண்டாகிறது? பசுஞ்சாணத்தை உருண்டையாகப் பிடித்து வெயிலில் நன்றாகக் காயவைக்கிறார்கள். கிராமங்களில் சிவராத்திரியை ஒட்டி, தரையில் உமியைப் பரப்பி, உருண்டைகளை அடுக்கி, மேலும் உமியால் மூடித் தீ மூட்டுவது வழக்கம். கொழுந்து விட்டு எரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்று மெல்ல வேக வேண்டும். ஆறியபின் பிரித்து, மேலே ஒட்டிய உமிக்கரியை நீக்கி, மெல்லிய துணியில் சலித்தால் விபூதி தயார். உருண்டையை உடைத்தால் நடுவில் கருப்பு தெரிகிறது என்றால் வேகவில்லை என்று பொருள்; மறுபடியும் மூட்டத்தில் வைக்க வேண்டியதுதான்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சிறுவர்களுக்காக எழுதிய சைவ வினாவிடை, வெள்ளை நிற நீற்றையே பூச வேண்டும், கருப்பு, சிவப்பு, மஞ்சள், புகை நிறங்கள் ஆகா என்கிறது. ஆனால் வெள்ளை என்றால் சுண்ணாம்பு வெள்ளை அல்ல. சாணச் சாம்பல் எவ்வளவு வெந்தாலும் அதில் இலேசான சாம்பல் சாயல் இருக்கும். கடையில் பளீரென்ற வெண்மையும் தூக்கலான வாசனையுமாக ஒரு பொட்டலம் கிடைத்தால், அதில் வேறு தூள் கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை. நல்ல நீறு எடையற்றது. விரலிடுக்கில் தேய்த்தால் நறநறக்காது.

பூசும் முறைக்கும் நாவலர் நூலே பெரும்பாலான வீடுகளுக்கு வழிகாட்டி. 1822இல் பிறந்து 1879இல் மறைந்த அவர், கோயிலிலும் மடத்திலும் இருந்த விதிகளைப் பள்ளிப் பிள்ளைக்குப் புரியும் கேள்வி பதிலாக்கினார். கிழக்கு அல்லது வடக்கு நோக்கி நிற்க வேண்டும். வலக்கையின் நடு மூன்று விரல்களால் எடுத்து, சிறிது அண்ணாந்து, நீறு கீழே சிந்தாமல், சிவ சிவ என்று சொல்லியபடி நெற்றியில் பூச வேண்டும். சிந்திவிட்டால் எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். நடந்துகொண்டும் படுத்துக்கொண்டும் பூசக் கூடாது.

அப்படியே தூவிப் பூசுவது உத்தூளனம். நீரில் குழைத்து மூன்று கோடாக இடுவது திரிபுண்டரம், பேச்சு வழக்கில் பட்டை. நெற்றியில் பட்டையின் நீளம் இரண்டு புருவங்களின் கடைசி வரை. அதைத் தாண்டவும் கூடாது, குறையவும் கூடாது. முழு விதிப்படி தலை முதல் முழங்கால் வரை பதினாறு இடங்கள் உண்டு. வேலைக்குப் போகும் அவசரத்தில் நெற்றி, மார்பு, தோள்கள் என்று நிறுத்திக்கொள்வோரே அதிகம். நீர் குழைத்து இடுவது காலையில்தான். தீட்சை பெறாதவர்கள் மதியத்துக்கு மேல் உலர்ந்த நீறாகவே பூசுவது வழக்கம்.

நீறு பூசியபின் செபம். வெறுந்தரையில் உட்காராமல் ஒரு பலகையோ விரிப்போ போட்டு, கிழக்கு அல்லது வடக்கு நோக்கி அமர்வார்கள். நாள்தோறும் 108 உரு. முடியாவிட்டால் 50, 25, குறைந்தது 10 என்று நாவலர் படிப்படியாக இறங்கிவருகிறார். இல்லறத்தாரின் செபமாலைக்கு 27 உருத்திராக்க மணி. நான்கு சுற்று வந்தால் 108 ஆகிவிடும். மாலையின் தலையில் நிற்கும் நாயகமணியைத் தாண்டாமல், அங்கே வந்ததும் மாலையைத் திருப்பிக்கொண்டு மறுபடி எண்ண வேண்டும். மாலை இல்லையென்றால் விரல் இறையே போதும். ஓர் உருவுக்கு மூன்று விநாடி என்று நிதானமாகச் சொன்னாலும் 108 உருவுக்கு ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஆகாது.

பிறர் காதில் விழும்படி சொல்லலாம். தன் காதுக்கு மட்டும் எட்டும்படி முணுமுணுக்கலாம். நாவசையாமல் மனத்துக்குள் சொல்லலாம். ஒன்றைவிட அடுத்தது உயர்வு என்பது மரபு. ஆனால் புதிதாகத் தொடங்குபவர் எடுத்த எடுப்பில் மனத்துக்குள் சொன்னால், இருபதாவது உருவில் மாலை ஓடிக்கொண்டிருக்கும், மனம் மின்கட்டணத்தில் நிற்கும். வேகம் கூடினால் இன்னொரு கோளாறு: ய தேய்ந்து, 'நமசிவா நமசிவா' என்று நாலெழுத்தாகிவிடும். தேய்ந்துபோன எழுத்து உயிர். அதை விட்டுவிட்டால் வணங்குகிற ஆளே அங்கே இல்லை. முதல் சில மாதங்கள் வாய்விட்டு, ஐந்தும் தனித்தனியாகக் கேட்கும்படி சொல்வதே நல்லது. முன்னால் ஓம் சேர்ப்பவர்களும் உண்டு. அது ஐந்தில் ஒரு கணக்கு அல்ல.

இந்த மந்திரத்தை யார் சொல்லலாம் என்பதில் இன்றும் இரண்டு கருத்து இருக்கிறது. சிவதீட்சை பெற்றவரே ஐந்தெழுத்தை விதிப்படி செபிக்கலாம் என்பது ஆகம மரபு. நாவலரும் அந்தப் பக்கம்தான். தேவாரம் பாடியவர்களோ அதை ஊருக்கெல்லாம் பாட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். திலகவதியார் தம்பிக்கு நீறு கொடுத்தது எந்தப் பீடத்தில் அமர்ந்தும் அல்ல. எனவே நீறு பூசி நமசிவாய என்று சொல்ல எவரும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சிவாயநம-வை நாள்தோறும் செபமாகக் கைக்கொள்ள விரும்புபவர்கள் சமய தீட்சையிலிருந்து தொடங்கலாம். திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற ஆதீனங்களில் தீட்சை தருகிறார்கள். முறையை அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.