வாந்தி மாத்திரைக்கு முன் கிளினிக் கொப்பி

இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல. அங்கே லயத்தில் இருக்கும் ஒருவர் நுவரெலியா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போய்வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால் பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் மட்டும் கிளினிக். இருமல் வந்தால் டவுனில் பிரைவேட் டொக்டர். வயிற்றுப்போக்கு என்றால் நேரே பார்மசி. ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் தரும் மருந்து ஒரே உடம்பில் போய்ச் சேருகிறது. இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்க்க வாய்ப்புள்ளவர் பார்மசிக்காரர் மட்டுமே. அவர் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்தான் இதயத்தின் கியூடி இடைவெளி.

கதவு அடைபட்டால்

ஈசிஜி தாளில் இதயத் துடிப்பு ஒவ்வொன்றும் சில மேடு பள்ளங்களாகப் பதியும். கீழறைகள் சுருங்கத் தொடங்குவதைக் காட்டும் கோட்டிலிருந்து, அவை மின்சாரத்தைக் கழித்து அடுத்த துடிப்புக்குத் தயாராவது வரையிலான நேரமே கியூடி. தயாராவதற்குச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேற வேண்டும். சில மருந்துகள் அந்தப் பொட்டாசியக் கதவில் போய் அடைத்துக்கொள்கின்றன. வெளியேற்றம் தாமதமாகிறது, கியூடி நீள்கிறது. அந்த நேரத்தில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தால், கீழறைகள் ஒழுங்கின்றித் துடித்து, ஈசிஜி அலைகள் ஒரு கம்பியைச் சுற்றி முறுக்கிய நூல்போலத் தெரியும். 1966இல் பிரெஞ்சு மருத்துவர் டெசெர்ட்டென் ஒரு 80 வயதுப் பெண்ணிடம் இதைக் கண்டு, 'டொர்சாட் டி பொயின்ட்' என்று பெயர் வைத்தார். முனைகள் முறுக்கிக்கொள்வது என்பதே அதன் பொருள்.

இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் அந்தக் கதவு மருந்து இல்லாமலே மந்தமாகிவிடும். மருந்தும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சாதாரண வாந்தி மாத்திரைதான்

டொம்பெரிடோனை நம்மூரில் யாரும் அபாயமான மருந்தாக நினைப்பதில்லை. ஆனால் அதன் ஊசி வடிவம் 1980களிலேயே சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. நரம்பில் ஏற்றியபோது சிலருக்கு இதயத் துடிப்பு சீர்குலைந்து மரணம் நேர்ந்ததே காரணம். 2014இல் ஐரோப்பிய மருந்து முகமை மாத்திரைக்கும் எல்லை போட்டது: பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 10 மில்லிகிராம், நாளைக்கு அதிகபட்சம் மூன்று தடவை, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். 60 வயதைக் கடந்தவர்களிடமும் நாளைக்கு 30 மில்லிகிராமைத் தாண்டியவர்களிடமும் ஆபத்து கூடுதலாகத் தென்பட்டது. அதே ஆண்டு பிரிட்டனில் அது டொக்டர் துண்டு இல்லாமல் விற்க முடியாத மருந்தாயிற்று.

இதற்காக டொம்பெரிடோனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இதயக் கோளாறு இல்லாத இளைஞர் மூன்று நாள் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மற்றக் காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும்போதுதான் சிக்கல்.

ஓர் அம்மா பார்மசிக்கு வருகிறார்

எந்தத் தனி மனிதரின் கதையும் இல்லை இது. மலையகத்தில் எங்கும் நடக்கக்கூடிய ஒன்றைக் கற்பனையாகக் கோத்துச் சொல்கிறேன். அவருக்கு 70 வயது, கொழுந்து பறித்து ஓய்ந்தவர். கால் வீக்கத்துக்குக் கிளினிக்கில் கொடுத்த பியுரோசமைட் 40 மில்லிகிராம் தினமும் காலையில். இருமலுக்கு டவுன் டொக்டர் எழுதிய கிளாரித்ரோமைசின் இரண்டு நாளாக. மூன்று நாளாக வயிற்றுப்போக்கும் வாந்தியும். "தம்பி, வாந்தி மாத்திரை ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்கிறார்.

"அம்மா, கிளினிக் கொப்பி கொண்டாந்தீங்களா?" என்று கேட்டால்தான் பியுரோசமைட் வெளியே வரும். "வேற டொக்டர்கிட்ட மருந்து ஏதும் வாங்கினீங்களா?" என்று கேட்டால்தான் கிளாரித்ரோமைசின் வெளியே வரும். கேட்காவிட்டால் அவர் சொல்லமாட்டார். வாந்திக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம் என்பது அவர் நினைப்பு.

சம்பந்தம் இருக்கிறது. கிளாரித்ரோமைசின் தானே கியூடியை நீட்டும். அதோடு, டொம்பெரிடோனைச் சிதைக்கும் ஈரல் நொதியையும் தடுத்துவிடும். மாத்திரை ஒன்றுதான், இரத்தத்தில் சேரும் அளவோ கூடிவிடும். இந்த ஜோடியை ஒரே நேரத்தில் கொடுக்கவே கூடாது. பியுரோசமைட் சிறுநீரிலும் வயிற்றுப்போக்கு மலத்திலும் பொட்டாசியத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

அமெரிக்க மருந்தியல் பேராசிரியர் ஜேம்ஸ் டிஸ்டேல் குழு 2013இல் வெளியிட்ட புள்ளிக் கணக்கை இந்த அம்மாவுக்குப் போட்டுப் பார்க்கலாம். வயது 68 அல்லது அதற்கு மேல், 1 புள்ளி. பெண், 1. பியுரோசமைட் வகை மருந்து, 1. கியூடியை நீட்டும் மருந்து ஒன்று இருந்தால் 3, இரண்டாவதும் சேர்ந்தால் இன்னும் 3. ஆக 9, நடுத்தர ஆபத்து. பொட்டாசியம் 3.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் 2 கூடி 11, உயர் ஆபத்து. இதயச் செயலிழப்போ கடும் கிருமித் தொற்றோ இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 3 சேரும். இது இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளை வைத்துச் செய்த கணக்கு. பார்மசியில் அதை ஒரு வழிகாட்டியாக மட்டும் கொள்ள வேண்டும். ஆனால் இரண்டாவது மருந்து ஒன்றே எத்தனை புள்ளியை ஏற்றுகிறது பாருங்கள். அந்த ஒன்றைத்தான் பார்மசிக்காரர் தடுக்க முடியும்.

தாளில் எப்படித் தெரியும்

அதே அம்மாவுக்கு வைத்தியசாலையில் ஈசிஜி எடுத்தால் கியூடி 440 மில்லிசெக்கன், நாடி 80 என்று வைப்போம். வேகமாகத் துடித்தால் கியூடி தானாகவே குறுகும் என்பதால் திருத்திப் பார்க்க வேண்டும். நாடி 80 என்றால் ஒரு துடிப்புக்கு 0.75 செக்கன், அதன் வர்க்கமூலம் 0.866. 440ஐ அதனால் வகுத்தால் 508. பெண்களுக்கு 460 வரை பொதுவாகச் சரி, 500 தாண்டினால் அபாயம். திருத்தாத எண்ணைப் பார்த்து 440தானே என்று விட்டிருந்தால் அம்மா வீட்டுக்குப் போயிருப்பார்.

பார்மசியில் கேட்க வேண்டியவை

முதலில் மற்ற மருந்துகள். எரித்ரோமைசின், புளுக்கொனசோல், அமியோடரோன், ஹாலோபெரிடோல், சிட்டலோபிராம் எல்லாம் இதே கூட்டம். வாந்திக்குப் பதில் மருந்தாக நினைக்கும் ஒண்டன்செட்ரோனும் அதே கூட்டம்தான், மாற்றிக் கொடுத்துத் தப்பிக்க முடியாது. அடுத்து வயிற்றுப்போக்கு, வாந்தி, பட்டினி. பிறகு இதய நோய், சிறுநீரக நோய். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: காரணம் தெரியாமல் மயங்கி விழுந்ததுண்டா, குடும்பத்தில் சிறு வயதில் யாராவது திடீரென்று இறந்தார்களா? இந்த நீட்சி சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. லயத்தில் "காக்கா வலிப்பு" என்று பேசப்படும் சில மயக்கங்கள் உண்மையில் இதயத்திலிருந்து வருபவை.

நம் அம்மாவுக்கு என்ன செய்வது? டொம்பெரிடோன் கொடுக்காமல் ஜீவனி பைக்கற்றைக் கொடுத்து, சிறிது சிறிதாகக் குடிக்கச் சொல்லலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி ஒரு லீற்றரில் 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைட் இருக்கும். கிளாரித்ரோமைசின் எழுதிய டொக்டரை அழைத்து, வேறு அன்டிபயோடிக் போதுமா என்று கேட்க வேண்டும். வயிற்றுப்போக்கு நிற்கும்வரை பியுரோசமைட்டை நிறுத்தலாமா என்பதையும் டொக்டர்தான் சொல்ல வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. 70 வயதில் மூன்று நாள் வயிற்றுப்போக்கு என்பதால், அன்றே வைத்தியசாலைக்குப் போய் இரத்தமும் ஈசிஜியும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

படபடப்போடு கண் இருண்டு விழுந்தால் தண்ணீர் தெளித்துக் காத்திருக்க வேண்டாம், 1990ஐ அழையுங்கள். குடித்த மாத்திரைகளின் பட்டைகளையும் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள். டொர்சாட் டி பொயின்ட் என்று தெரிந்தால், வைத்தியசாலையில் நரம்பில் ஏற்றும் மக்னீசியம் சல்பேட்தான் முதல் மருந்து. எந்த மாத்திரை காரணம் என்று தெரிந்தால் அதை நிறுத்த டொக்டருக்கு நேரமாகாது.