சிரட்டையும் புளியங்கொட்டையும்

முற்றத்தில் 100 சிரட்டைகளை மல்லாத்தி வையுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு 1000 புளியங்கொட்டைகளை அவற்றின் மேல் வீசுங்கள். எல்லாம் சிரட்டைக்குள்ளேயே விழுந்தால் தலா 10 கொட்டை கணக்கு. சரியாகப் பத்துப் பத்தாக விழாதுதான். ஆனாலும் 90க்கும் மேற்பட்ட சிரட்டைகளில் 5 முதல் 15 வரைதான் இருக்கும். காலிச் சிரட்டை ஒன்றுகூட இருக்காது. இதற்குப் பாய்சான் பரவல் என்று பெயர்.

இப்போது சிரட்டைக்குப் பதில் 100 பிள்ளைகள், கொட்டைக்குப் பதில் வயிற்றில் வாழும் 1000 உருண்டைப்புழுக்கள். சராசரி அதே 10. ஆனால் எண்ணிப் பார்த்தால் இருபது பேருக்கு மேல் ஒரு புழுவும் இருக்காது. அதிகம் சுமக்கும் 20 பேரிடம் மட்டும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு புழுக்கள்! இந்த வடிவத்தைப் புள்ளியியலாளர்கள் எதிர்ம ஈருறுப்புப் பரவல் என்பார்கள். அதில் k என்று ஓர் எண் உண்டு. அது சிறிதாக ஆக, புழுக்கள் சிலரிடமே குவியும். நான் சொன்ன கணக்கு k = 0.5க்கு வருவது.

வயிற்றுக்குள் குட்டி போட்டுப் பெருகியிருக்குமோ? இல்லை. பெண் புழு ஒரு நாளில் இரண்டு லட்சம் முட்டைகூட இடும். ஆனால் அவை மலத்தோடு வெளியேறி, சில வாரம் மண்ணில் முதிர்ந்த பிறகுதான் தொற்றும். ஆக ஒவ்வொரு புழுவும் வாய்வழியே போன ஒரு முட்டை.

அப்படியானால் சிரட்டைகளின் வாய் ஒரே அளவில் இல்லை என்று பொருள். ஒருத்தி மண்ணில் அதிகம் விளையாடுவாள். ஒருவன் கை கழுவாமல் தின்பான். இன்னொருவனின் உடலோ உள்ளே வந்த குஞ்சுப்புழுவை எதிர்த்து விரட்டிவிடும். முட்டைகளும் மண்ணில் பரவலாக இல்லாமல் கும்பல் கும்பலாகக் கிடக்கும். இதில் எது காரணம் என்று பரவலின் வளைகோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாமே ஒரே மாதிரி வளைகோட்டைத்தான் தரும்.

1980களில் பழவேற்காடு ஏரிப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் ஆய்வாளர்கள் பூச்சி மருந்து கொடுத்து, வெளிவந்த புழுக்களை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எண்ணினார்கள். (மூக்கைப் பொத்திக்கொண்டு செய்யும் அறிவியலும் உண்டு!) பல மாதம் கழித்து மறுபடி மருந்து, மறுபடி எண்ணிக்கை. முதலில் நிறையச் சுமந்தவர்களிடமே பெரும்பாலும் மறுபடியும் நிறையச் சேர்ந்திருந்தன. வெறும் அதிர்ஷ்டக்கேடு என்றால் ஆள் மாறியிருக்க வேண்டுமே!

ஒரு சிக்கல். முன் சொன்ன நூறு பிள்ளைகளையும் எண்ணச் சோம்பி 10 பேரை மட்டும் சோதித்தால், 20 புழுவுக்கு மேல் சுமப்பவர் ஒருவர்கூட அகப்படாமல் போவது ஐந்தாறு தடவைக்கு ஒரு தடவை நடக்கும். அப்போது வரும் சராசரி, ஏறக்குறைய பாதிதான் இருக்கும். மீதிப் புழுக்களோ அன்றைக்கு வரிசையில் நிற்காத யாரோ சிலரின் வயிற்றில்.