இடைவெளி எத்தனை மாதம்?

நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சிகளில் வேலை பார்ப்பவரின் கணினியில் ஒரு எக்செல் தாள் எப்போதும் திறந்தே இருக்கும். மொத்த அனுபவம், கடைசியாக வாங்கிய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், எப்போது சேர முடியும், எந்த ஊர், இடைவெளி இருந்தால் காரணம். இந்தக் கட்டங்களை நிரப்பித்தான் அவர் விண்ணப்பத்தை நிறுவனத்துக்கு அனுப்புவார். குழந்தை பெற்று வீட்டில் இருந்துவிட்டு மீண்டும் வேலைக்கு வர நினைக்கும் பெண்கள் எழுதும் மின்னஞ்சல்களில் பெரும்பாலும் இந்த விவரங்கள்தான் இருக்காது. குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது மட்டும் இரண்டு பத்திக்கு இருக்கும்.

அதைவிடப் பெரிய சறுக்கல் கணக்கில் நேர்கிறது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராக இருந்தவர் ஒருவரை வைத்துப் பார்ப்போம். வேலையில் சேர்ந்தது 2018 ஜூலை 1. பேறுகால விடுப்பு 2025 பிப்ரவரி 3 முதல் ஆகஸ்ட் 3 வரை, அதாவது 26 வாரம். அப்போது நடைமுறையில் இருந்த, 2017-இல் திருத்தப்பட்ட பேறுகாலப் பயன் சட்டத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு இவ்வளவு விடுப்பு, சம்பளத்தோடு இருந்தது. விடுப்பு முடிந்ததும் ராஜினாமா கொடுத்தார். நோட்டீஸ் காலத்தை வீட்டிலிருந்தே வேலை செய்து முடித்து, அக்டோபர் 31 அன்று விடுபட்டார். இப்போது 2026 ஜூலை 1 முதல் வேலைக்குத் தயார்.

இவர் ‘குழந்தை பிறந்ததிலிருந்து வேலையில் இல்லை’ என்று எழுதினால், படிப்பவர் விடுப்பு தொடங்கிய பிப்ரவரியிலிருந்தே எண்ணுவார். இடைவெளி 17 மாதம் என்று கட்டத்தில் ஏறும். உண்மையில் அது 8 மாதம்தான். விடுப்பில் இருந்த ஆறு மாதமும் அவர் அந்த நிறுவனத்தின் ஊழியர். ஆகவே அனுபவம் 7 ஆண்டு 4 மாதம், ஒரு நாளும் குறையாது. பின்னால் சான்று சரிபார்க்கும்போது பார்ப்பது விடுவிப்புக் கடிதத்தையும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் உள்ள சேர்ந்த, விலகிய தேதிகளையும்தான். மின்னஞ்சலில் இருக்கும் தேதி அவற்றோடு பொருந்தவில்லை என்றால், சரியான காரணம் இருந்தாலும் விளக்கம் கேட்டு இழுத்தடிப்பார்கள்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

“வணக்கம். நீங்கள் அறிவித்துள்ள சீனியர் டெஸ்டர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். 2018 ஜூலை முதல் 2025 அக்டோபர் வரை 7 ஆண்டு 4 மாதம் வங்கி மென்பொருள்களுக்கு டெஸ்டிங் செய்திருக்கிறேன். கடைசி நான்கு ஆண்டு செலினியத்தில் ஆட்டோமேஷன். 2025 நவம்பர் முதல் குழந்தை வளர்ப்புக்காக வேலையிலிருந்து விலகியிருக்கிறேன். இந்த ஆண்டு பிளேரைட் கற்று, எழுதிய சோதனைகளைக் கிட்ஹப்பில் வைத்திருக்கிறேன், இணைப்பு கீழே. ஜூலை 1 முதல் சேர முடியும். சென்னையில் அலுவலகம் வந்து வேலை செய்யத் தயார். இரவு ஷிப்ட் மட்டும் இயலாது. கடைசிச் சம்பளமும் எதிர்பார்ப்பும் ரெஸ்யூமேயின் முதல் பக்கத்தில் உள்ளன.”

குழந்தைக்கு ஒரே ஒரு வாக்கியம், அதில் மன்னிப்பு கேட்கும் தொனி இல்லை. குழந்தையின் வயது, மாமியார் உடன் இருக்கிறாரா என்பதெல்லாம் கன்சல்டன்சிக்குத் தேவையில்லை. ஆனால் இரவு ஷிப்ட் பற்றிய வரியை வெட்டக் கூடாது. டெஸ்டிங் வேலைகளில் பல, அமெரிக்க நேரத்துக்கு நடப்பவை. இதை மறைத்துவிட்டு மூன்றாம் சுற்று நேர்காணலில் சொன்னால், அந்த கன்சல்டன்சி அடுத்த முறை அழைக்காது. ‘நேரத்தில் கொஞ்சம் நெகிழ்வு வேண்டும்’ என்று பூசி மெழுகுவதும் உதவாது. படிப்பவர் அதைப் பாதி நேர வேலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பொருள் வரியில் ‘வேலை வேண்டி’ என்று எழுதுவதற்குப் பதில் ‘சீனியர் டெஸ்டர், 7 ஆண்டு, சென்னை, ஜூலை 1 முதல்’ என்று போடலாம். அஞ்சலைத் திறக்காமலேயே பாதித் தாள் நிரம்பிவிடும்.

சட்டம் தரும் இன்னொரு வசதியைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்ய அது இடம் தருகிறது. ஆனால் வேலையின் தன்மை ஒத்துவந்து, விடுப்பு கொடுத்த நிறுவனமும் இசைந்தால்தான். புதிய நிறுவனத்திடம் அதை உரிமையாகக் கோர முடியாது. குழந்தைகள் காப்பகம் வேறு விஷயம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் அந்த வசதி இருக்க வேண்டும். முதல் மின்னஞ்சலில் இதைக் கேட்க வேண்டாம். ஆஃபர் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.