திருவருகைக் காலம் கற்பிப்பது யாது? - திருகோணமலையை முன்வைத்து ஒரு நோக்கு

நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தைக் குழந்தை இயேசுவின் பிறப்புக்கான முன்னேற்பாடாக மட்டுமே பலர் கருதுவர். ஆயின் கத்தோலிக்கத் திருவழிபாட்டில் டிசம்பர் 16 வரையுள்ள நாட்கள் கிறிஸ்துவின் இறுதி வருகையையே முதன்மைப்படுத்துகின்றன. 17 முதல் 24 வரையுள்ள நாட்களே பிறப்பை நேராக நோக்குகின்றன. இக்காலத்து ஞாயிறுகளில் ‘வானவர் கீதம்’ பாடப்படுவதில்லை. நத்தார் வழிபாட்டிலேயே அது மீண்டும் ஒலிக்கும்.

இக்காத்திருப்பு எதனைக் கோருகின்றது? மூன்றாண்டு வாசகச் சுழற்சியின் இறுதியாண்டில், மகிழ்ச்சி ஞாயிறு எனப்படும் மூன்றாம் ஞாயிறன்று இதற்கு விடை வாசிக்கப்படும். 2024 டிசம்பர் 15 அத்தகைய நாள். தாம் செய்யவேண்டியது யாதென வினவுவோருக்குத் திருமுழுக்கு யோவான் விடையளிப்பதை லூக்கா கூறுகின்றார். இரண்டு அங்கி உடையவர் இல்லாதவரோடு பகிரவேண்டும். வரி தண்டுவோர் விதித்ததற்கு மேல் பெறலாகாது. படைவீரர் அச்சுறுத்திப் பணம் பறித்தல் ஆகாது. எவரையும் தொழிலைத் துறக்குமாறு அவர் கேட்கவில்லை. தொழிலுக்குள் நீதியையே கேட்கின்றார்.

திருகோணமலை சுங்கமும் படைமுகாம்களும் அமைந்த துறைமுக நகர். டிசம்பரோ வாடைக்காற்றால் கடற்றொழில் குன்றி, மீனவர் வருவாய் சுருங்கும் காலம். ஆகவே இம்மூன்று விடைகளும் இங்கு உவமைகளாகா. அன்றாட வாழ்வின் கடமைகளாகும். மாதத் தொடக்கத்திலேயே பண்டிகை ஆரவாரம் எழுமாயின், அவ்விடைகளைக் கேட்பதற்குரிய அமைதியே முதலில் இழக்கப்படுகின்றது என்பது நமது கருத்து.