வால்வை மாற்றும் நாள் எது?

இதயத்தின் இடது கீழறையிலிருந்து உடம்பு முழுதும் போகவேண்டிய ரத்தம் மகாதமனி வால்வு வழியாகத்தான் வெளியேறுகிறது. மூன்று மெல்லிய இதழ்கள் கொண்ட இந்த வால்வு நன்றாகத் திறக்கும்போது 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை வழி கிடைக்கும். இதழ்களில் சுண்ணாம்பு படிந்து அவை விறைத்துப்போனால் அந்த வழி ஆண்டுக்கு ஆண்டு குறுகும். 1 சதுர சென்டிமீட்டர் அல்லது அதற்கும் கீழே வந்துவிட்டால் அதைக் கடுமையான சுருக்கம் என்கிறோம். அதுவரை வர எத்தனையோ ஆண்டுகள் ஆகும். பெரும்பாலும் அத்தனை ஆண்டுகளும் நோயாளிக்கு எதுவும் தெரியாது. கீழறையின் தசை தடித்து, கூடுதல் அழுத்தம் கொடுத்து, பழைய அளவு ரத்தத்தையே தள்ளிக்கொண்டிருக்கும்.

பெரும்பாலானவர்களுக்கு இது 60, 70 வயதுக்குமேல் வருவது. நூறு பேரில் ஒருவர் இருவர் மூன்றுக்குப் பதில் இரண்டே இதழ்களோடு பிறக்கிறார்கள். அவர்களுக்குப் பத்து இருபது ஆண்டுகள் முன்பே சுருங்கத் தொடங்கிவிடும். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். காரணம் எதுவானாலும் சுருக்கத்தை நிறுத்தவோ மெதுவாக்கவோ இன்றுவரை மாத்திரை இல்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து உதவும் என்று நம்பிப் பெரிய ஆய்வுகள் நடந்தன. கொழுப்பு குறைந்தது; வால்வு சுருங்குவது குறையவில்லை. ஆகவே ஒரு நாள் வால்வை மாற்றித்தான் ஆகவேண்டும். எந்த நாள் என்பதுதான் கேள்வி.

அந்த நாளைக் கணிப்பதில் முதல் தடயம் ஸ்டெதாஸ்கோப்பில் கிடைக்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுவதுபோல, குறுகிய வால்வு வழியே ரத்தம் வேகமெடுத்துப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் சத்தத்தைத்தான் மர்மர் என்கிறோம். மார்பெலும்பின் வலது ஓரம், இரண்டாவது விலா இடைவெளியில் அது நன்றாகக் கேட்கும். கழுத்து ரத்தக்குழாய் வரை ஏறிப்போகும். சொரசொரப்பான சத்தம். இதயம் சுருங்கத் தொடங்கியதும் சிறிதாக ஆரம்பித்து, வளர்ந்து, உச்சம் தொட்டு, தேய்ந்து, அடுத்த இதய ஒலிக்கு முன் அடங்கிவிடும்.

சத்தம் பெரிதாக இருந்தால் நோய் பெரிது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. பார்க்கவேண்டியது சத்தம் உச்சம் தொடும் நேரத்தை. லேசான சுருக்கத்தில் உச்சம் தொடக்கத்திலேயே வந்துபோகும். வழி குறுகக் குறுக, ரத்தத்தை வெளியேற்ற அதிக நேரம் பிடிக்கிறது. உச்சமும் பின்னால் தள்ளிப்போகிறது. கடுமையான சுருக்கத்தில் அது துடிப்பின் பிற்பகுதிக்கே போய்விடும். அதோடு, வால்வு மூடும்போது கேட்கவேண்டிய இரண்டாவது இதய ஒலி மங்கும், சிலருக்குக் கேட்காமலே போகும். விறைத்த இதழ்களால் பட்டென்று மூட முடியாததே காரணம். கழுத்து நாடியைத் தொட்டால் துடிப்பு மெல்ல எழும்பி, சிறிதாக முடியும். முதியவர்களின் ரத்தக்குழாய்கள் கடினப்பட்டிருப்பதால் இந்த நாடிக் குறி அவர்களிடம் தெரியாமல் போகலாம்.

இதில் ஓர் ஆபத்தான பொறி இருக்கிறது. இதயம் களைத்து, ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்துவிட்டால், மர்மரும் சன்னமாகிவிடும். முன்பு பெரிதாகக் கேட்டது இப்போது சிறிதாகிவிட்டதென்று நிம்மதி அடையக்கூடாது. அந்த நோயாளி முன்பைவிட மோசமான நிலையில் இருக்கலாம்.

மர்மர் சந்தேகத்தை எழுப்பும். அளந்து சொல்வது எக்கோ. ரத்தம் வால்வைக் கடக்கும் உச்ச வேகத்தை அது காட்டுகிறது. வேகம் விநாடிக்கு 3 மீட்டருக்குக் கீழே என்றால் லேசான சுருக்கம், 3 முதல் 4 வரை நடுத்தரம், 4 மீட்டரும் அதற்கு மேலும் கடுமையானது. வால்வின் இருபுறமும் உள்ள சராசரி அழுத்த வித்தியாசம் 40 மில்லிமீட்டரைத் தொட்டாலும் கடுமையானதே. வேகம் சராசரியாக ஆண்டுக்கு 0.3 மீட்டர் அளவுக்குக் கூடும் என்பது பொதுக் கணக்கு. ஆளுக்கு ஆள் இது மாறும். அதனால்தான் லேசான சுருக்கத்துக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும், நடுத்தரத்துக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையும், கடுமையானதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள்ளும் எக்கோ எடுக்கச் சொல்கிறோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பல நோயாளிகளிடம் பார்த்ததைச் சேர்த்து ஒருவராகச் சொல்கிறேன். 2018இல், அவருக்கு 62 வயதில், குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் பரிசோதித்தபோது மர்மர் கேட்டது. எக்கோவில் வேகம் 2.7. 2020இல் 3.1, 2022இல் 3.5. 2024இல் 4.2, சராசரி அழுத்த வித்தியாசம் 44, வால்வின் வழி 0.8 சதுர சென்டிமீட்டர். முதல் நான்கு ஆண்டில் ஆண்டுக்கு 0.2 வீதம் போனது, கடைசி இரண்டு ஆண்டில் 0.35 ஆகிவிட்டது. இதயத் தசையின் வலு மட்டும் குறையவில்லை.

"சார், நடந்தா மூச்சு வாங்குதா? நெஞ்சு இறுக்கமா இருக்கா? தலை சுத்துதா?"

"ஒண்ணுமே இல்லை டாக்டர். நல்லாத்தான் இருக்கேன்."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி சொன்னார்: "மொட்டை மாடிக்குத் துணி காயப்போட இவர்தான் போவார் டாக்டர். பொங்கலுக்கு அப்புறம் ஒரு நாள்கூட மாடி ஏறலை. கேட்டா முழங்கால் வலின்னு சொல்றார்."

இந்த நோயில் ஒரு எக்கோ அளவுக்கு மதிப்புள்ள வாக்குமூலம் இது. நோயாளிகள் பொய் சொல்வதில்லை. வால்வு மெதுவாகச் சுருங்குவதால் அவர்களும் மெதுவாகத் தங்கள் வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். மாடி ஏறுவதை விடுவார்கள், கடைக்கு ஆட்டோ பிடிப்பார்கள், வயசாகிவிட்டது என்பார்கள். அதனால் 'மூச்சு வாங்குகிறதா' என்று மட்டும் கேட்டால் போதாது; 'போன வருஷம் செய்துவந்த எதை இப்போது செய்வதில்லை' என்று கேட்கவேண்டும், வீட்டில் இருப்பவரையும் கேட்கவேண்டும்.

அறிகுறிக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன்? 1968இல் ஜான் ராஸ், யூஜீன் பிரான்வால்ட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இந்த நோயின் இயல்பான போக்கை எழுதினார்கள். அறிகுறி இல்லாத காலம் நீளமானது. ஆனால் நெஞ்சுவலி தொடங்கினால் சராசரியாக ஐந்து ஆண்டு, மயங்கி விழுந்தால் மூன்று, இதயம் தளர்ந்து மூச்சு முட்டினால் இரண்டே ஆண்டு என்றார்கள். அறிகுறி இல்லாதவர்கள் திடீரென இறப்பதோ ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். அதனால் கடுமையான சுருக்கமும் அறிகுறியும் சேர்ந்த அன்று வால்வை மாற்று என்பது உறுதியான விதியானது. அறிகுறி இல்லாவிட்டாலும் கீழறை ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் ரத்தம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றவேண்டும்.

அப்படியானால் முன்கூட்டியே மாற்றிவிட்டால் என்ன? செயற்கை வால்வும் ஒரு சுமைதான். உலோக வால்வு நீண்டநாள் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுதும் மாத்திரையும் அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் வேண்டும். விலங்குத் திசு வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது தேயும், இளையவர்களுக்கு இன்னும் சீக்கிரம். நல்ல மருத்துவமனையில் நல்ல உடல்நிலை உள்ளவருக்கும் ஆபரேஷனில் சிறு ஆபத்து உண்டு.

ஆசிரியருக்கு அறிகுறி இருக்கிறதா என்பதே சந்தேகம் என்பதால், மருத்துவர் அருகில் நிற்க டிரெட்மில்லில் நடக்கவைத்தார்கள். தெளிவான அறிகுறி உள்ளவரை இந்தச் சோதனைக்கு ஏற்றவே கூடாது. நான்காவது நிமிடத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. நடக்கும்போது ஏறவேண்டிய பிரஷர் 130இலிருந்து 116க்கு இறங்கியது. உடனே நிறுத்தினார்கள். முழங்கால் வலி என்ற விளக்கம் அங்கே முடிந்தது.

அடுத்து எப்படி மாற்றுவது. தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தும் முறையை 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே முதன்முதலாகச் செய்தார். பொதுவாக 65க்குக் கீழே மார்பைத் திறந்து செய்யும் ஆபரேஷன், 80க்கு மேலே தொடை வழி, இடைப்பட்ட வயதில் இரண்டையும் எடைபோடுவது என்று ஓர் அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. 68 வயது ஆசிரியருக்கு ஆஞ்சியோகிராமில் இதய ரத்தக்குழாய்கள் இரண்டில் அடைப்பு தெரிந்தது. பைபாஸும் தேவைப்பட்டதால் மார்பைத் திறந்து இரண்டையும் ஒன்றாக முடித்து, திசு வால்வு பொருத்தினார்கள்.

டிரெட்மில்லில் அவர் நன்றாக நடந்திருந்தால்? சில ஆண்டுகள் முன்புவரை காத்திருக்கச் சொல்லியிருப்போம். வேகம் 5 மீட்டரைத் தாண்டினாலோ, ஆண்டுக்கு 0.3க்கு மேல் ஏறினாலோ மட்டும் முன்கூட்டிச் செய்வதைப் பேசியிருப்போம். 2024இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அறிகுறி இல்லாத, டிரெட்மில்லிலும் தேறிய 901 பேரில் பாதிப்பேருக்கு உடனே தொடை வழியாக வால்வு மாற்றினார்கள், மீதிப்பேரைக் கண்காணித்தார்கள். நான்கு ஆண்டுக்குள்ளாகவே கண்காணிப்பில் இருந்தவர்களில் நூற்றுக்கு 87 பேருக்கு வால்வு மாற்றவேண்டி வந்தது. முன்கூட்டிச் செய்தவர்கள் எதிர்பாராமல் ஆஸ்பத்திரியில் சேர்வது வெகுவாகக் குறைந்தது. இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. என் வாசிப்பு இதுதான்: நெருங்கிக் கண்காணிக்க முடிந்தவர் காத்திருக்கலாம்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வழியில்லாதவர், தொலைவில் தனியாக இருப்பவர், ஆபத்துக் குறைந்தவராகவும் இருந்தால் காத்திருப்பதில் லாபம் சொற்பம்.

வலுவிழந்த இதயத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். ரத்தம் குறைவாகப் போவதால் வேகம் 4ஐத் தொடாது. வால்வோ உண்மையில் கெட்டிருக்கும். அப்போது டோபுட்டமின் மருந்தை ஏற்றி இதயத்தை வேகப்படுத்தி மீண்டும் எக்கோ எடுப்பார்கள், அல்லது சிடி ஸ்கேனில் வால்வில் உள்ள சுண்ணாம்பை எண்ணுவார்கள். 'வேகம் குறைவு, பயமில்லை' என்ற ரிப்போர்ட்டோடு திரும்பிவிடக்கூடாத நேரம் இது.

இந்த நோய் உள்ளவர்கள், நெஞ்சுவலி வந்ததும் பக்கத்து வீட்டார் கொடுக்கும் சார்பிட்ரேட்டை நாக்கடியில் வைக்கவேண்டாம். பிரஷர் சட்டென்று விழுந்துவிடலாம். எந்த ஆபரேஷனுக்கு முன்பும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் வால்வைப் பற்றிச் சொல்லுங்கள். அறிகுறி தெரிந்தபின் பெண் கல்யாணம் முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளாதீர்கள். வாரக்கணக்கில் முடிக்கவேண்டியது அது. பழைய எக்கோ ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப்போடாமல் தேதி வரிசையில் வைத்து ஒவ்வொரு முறையும் எடுத்துப்போங்கள். ஒற்றை ரிப்போர்ட்டில் வால்வு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பது இரண்டாவது ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.