‘குறையும்’ என்னும் வினைமுற்று: உடற்பயிற்சி விளம்பரத்தின் மொழி

“முப்பதே நாளில் பத்துக் கிலோ குறையும்! இனிப்புநீர் ஓடிப்போகும்!”

இவ்வாசகம் எந்தவொரு வகுப்பினுடையதும் அன்று. ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய் போன்ற இடங்களில் உடற்பயிற்சி வகுப்புகளை நடத்துவோர் தம்மைப் பின்தொடர்வோர்க்கு அனுப்பும் அறிவிப்புகளின் போக்கைக் கொண்டு, ஆய்வுக்காக நான் அமைத்தது. இதில் அப்பட்டமான பொய் எங்கே உள்ளது என்று கேட்டால் பலரும் ‘பத்து’ என்னும் எண்ணைச் சுட்டுவர். என் கருத்தில், அதற்கு முன்பே வினைமுற்றில் பிழை தொடங்கிவிடுகிறது.

‘நெருப்புச் சுடும்’ என்கிறோம். ‘நாளை மழை பெய்யும்’ என்றும் சொல்கிறோம். முன்னது என்றும் மாறாத இயல்பு, பின்னது எதிர்பார்ப்பு. இரண்டுக்கும் தமிழில் வினை வடிவம் ஒன்றே. ‘எடை குறையும்’ என்று எழுதியவர் எதிர்பார்ப்பைச் சொன்னதாகக் கருதலாம். படிப்பவரோ அதை நெருப்பின் இயல்பைப்போல உறுதியானதாகக் கொள்கிறார். ‘யாருக்கு’ என்னும் வினாவுக்கும் தொடரில் விடையில்லை. ஆகவே படிக்கும் ஒவ்வொருவரும் ‘எனக்கு’ என்று அவ்விடத்தை நிரப்பிக்கொள்கிறார். ‘முப்பதே’ என்பதிலுள்ள ஏகாரம் அந்த உறுதியை இன்னும் இறுக்குகிறது.

‘நான் அப்படிக் கருதவில்லை’ என்பது இங்கே தற்காப்பாகாது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச்செல்லக்கூடிய கூற்றையும் தவறாக வழிநடத்தும் கூற்றினுள் அடக்குகிறது. எழுதியவர் என்ன நினைத்தார் என்பதைவிட, படிப்பவர் என்ன விளங்கிக்கொள்ளக்கூடும் என்பதே அங்கு முதன்மை.

இனி எண்ணுக்கு வருவோம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி உண்டு என்பது வழக்கமான கணக்கு. அவ்வாறாயின் பத்துக் கிலோவுக்கு 77,000 கலோரி. முப்பது நாளில் என்றால் நாளொன்றுக்கு 2,500 கலோரிக்கும் மேல். இது பலருடைய முழுநாள் உணவைவிட மிகுதி. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேர நடன உடற்பயிற்சியில் ஏறத்தாழ 450 கலோரி செலவிடுவதாகக் கொள்வோம். வாரம் மூன்று வகுப்பு என்றால் மாதத்தில் பதின்மூன்று. மொத்தம் 5,850 கலோரி. உணவு மாறாத நிலையில் அதற்கு ஈடாகும் கொழுப்பு முக்கால் கிலோவே. முதல் வாரத்தில் இதைவிட மிகுதியாக எடை இறங்கினால், அதில் பெரும்பங்கு நீராக இருக்கக்கூடும்.

இதனை அறிந்த சிலர், ‘பத்துக் கிலோ வரை குறையலாம்’ என்று திருத்துவர். இது திருத்தமன்று. ஒரே ஒருவருக்குப் பத்துக் கிலோ குறைந்திருந்தாலும் தொடர் மெய்யாகிவிடும். படிப்பவர் நெஞ்சில் ‘வரை’யும் ‘லாம்’ விகுதியும் தங்குவதில்லை, ‘பத்து’ மட்டுமே தங்கும்.

உண்மையான திருத்தம் காலத்தை மாற்றுவது. ‘குறையும்’ என்பதற்குச் சான்று காட்ட இயலாது; ‘குறைந்தது’ என்பதற்கு இயலும். எடுத்துக்காட்டாக: “சென்ற தவணையில் 24 பேர் சேர்ந்தனர், 15 பேர் பன்னிரண்டு வாரமும் வந்தனர், அவர்களுள் 9 பேருக்கு ஒன்று முதல் மூன்று கிலோ வரை குறைந்தது. பலர் உணவையும் மாற்றிக்கொண்டனர்.” இங்கும் ‘வரை’ வருகிறது, ஆயினும் கீழெல்லையும் ஆள்தொகையும் உடனிருப்பதால் அது எதையும் மறைக்கவில்லை. இடையில் நின்ற ஒன்பது பேரை விட்டுவிட்டால் இதே தொடர் மீண்டும் ஏமாற்றாகும்.

எண் துல்லியமாக இருப்பது மட்டும் சான்றாகாது. தன் காலணி பின்புறத் தசையை 28 விழுக்காடு கூடுதலாக வலுப்படுத்தும் என்று விளம்பரம் செய்த ரீபாக் நிறுவனம், அதற்குரிய சான்று இல்லை என்ற அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள 2011இல் 25 மில்லியன் டாலர் திருப்பித்தர உடன்பட்டது.

‘இனிப்புநீர் ஓடிப்போகும்’ என்பதே இவ்வாசகத்தில் மிகக் கேடானது. முறையான பயிற்சி இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவுகிறது என்பது மெய். ஆனால் ‘ஓடிப்போகும்’ என்பதை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்தினால் இழப்பது பணம் மட்டுமன்று. இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்க்கு வகுப்பின் நடுவிலேயே சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கமும் வரலாம். எனவே அவ்விடத்தில் எழுத வேண்டியது இது: “இனிப்புநீர் உள்ளவர்கள் மருந்தை நிறுத்தாமல், மருத்துவரைக் கேட்டபின் சேருக.”

வகுப்பறையில் இதனைப் பயிற்சியாக்க விரும்பும் ஆசிரியர்கள், ஒரு விளம்பரத்தின் வினைமுற்றுகளை மாணவர்களை அடிக்கோடிடச் செய்யலாம். ஒவ்வொன்றிடமும் மூன்று வினா எழுப்பட்டும்: யாருக்கு? எத்தனை பேரில் எத்தனை பேருக்கு? எவ்வளவு காலத்தில்? பின்னர் அத்தொடரை இறந்தகாலத்தில் மாற்றி எழுதச் சொல்லுங்கள். எழுத முடிந்தால் அது செய்தி. முடியாவிட்டால் அத்தொடரை விளம்பரத்திலிருந்து நீக்கிவிட வேண்டியதுதான்.